42 அடிக்குள் 45 அடி வீடு: ஒரு பிளானைப் பார்த்துப் பதில் சொல்வது

வாட்சப்பில் ஒரு படம் வருகிறது. வீட்டுப் பிளானைக் கைபேசியில் எடுத்த படம், ஒரு மூலை மடிந்திருக்கிறது. கீழே "எப்பிடி அண்ணை?" என்று மட்டும். அனுப்பியவர் கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கலாம், வளவு கோண்டாவிலிலோ சாவகச்சேரியிலோ இருக்கலாம். இப்படிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கிறது. "நல்லாயிருக்கு, வடிவான வீடு" என்பது ஒன்று. குசினி சின்னன், யன்னல் காணாது, போட்டிக்கோ வேண்டாம், சாமியறை திசை பிழை என்று முப்பது குறை அடுக்குவது மற்றது. இரண்டாலும் பிளானில் ஒரு கோடுகூட நகராது.

உதவுகிற பதிலுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பிறகு மாற்ற எது அதிகம் செலவாகுமோ அதை முதலில் சொல்ல வேண்டும். டைல்ஸ் நிறத்தைக் குடிபூர முதல் நாள்கூடத் தீர்மானிக்கலாம். சுவரின் இடமும் கூரை தாங்கும் கோடும் அத்திவாரம் வெட்டியதோடு முடிந்துவிடும், மலக்குழியின் இடம் குழி வெட்டியதோடு. ஆகவே கருத்துச் சொல்ல முன்னர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அத்திவாரம் வெட்டியாயிற்றா? அடுத்தது: வடக்கு எந்தப் பக்கம், கிணறு எங்கே? மூன்றாவது: வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்? வெளிநாட்டில் இருந்து கட்டுகிறவரின் பிளானில் அவர் லீவில் வந்து நிற்கும் மூன்று கிழமைக்கான வீடுதான் பல வேளை இருக்கும். மிச்ச நாளெல்லாம் இருக்கப் போகிற அம்மாவுக்கு எழுபது வயது என்பது படத்தில் தெரியாது.

இன்னொரு கேள்வியும் யாழ்ப்பாணத்தில் தவிர்க்கக்கூடாதது. சாத்திரப்படி வீட்டின் இடமும் அளவும் குறிக்கிற நிலையம் எடுத்தாயிற்றா, எந்த அளவை மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்? ஆசாரியார் பார்த்துக் கொடுத்த அளவை நாம் ஒரு அடி கூட்டச் சொன்னால் அந்த யோசனை அன்றே செத்தது. மாற்றக்கூடாததை முதலே அறிந்துகொண்டால் மீதியுள்ள இடத்தில் வேலை செய்யலாம்.

இனி ஒரு பிளானை எடுத்துப் பார்ப்போம். இங்கே பரவலாகக் காணும் வகை. காணி 2 பரப்பு, 55 அடிக்கு 99 அடி. ஒழுங்கை மேற்கே, கிணறு வடகிழக்கு மூலையில், இரண்டு எல்லையில் இருந்தும் பத்தடி தள்ளி. ஒழுங்கையில் இருந்து 25 அடி விட்டு வீடு தொடங்குகிறது. மேற்குப் பார்த்த வாசல், ஒரு தட்டு, ஓட்டுக்கூரை, மூன்று அறை. வெளியளவு 34 அடிக்கு 42 அடி, அதாவது 1428 சதுர அடி என்று எழுதியிருக்கிறது.

வடக்குப் பக்கமாக மேற்கிலிருந்து கிழக்கே வரிசையாகப் பெரிய அறை 14 அடி, அதோடு சேர்ந்த குளியலறை 5 அடி, இரண்டாம் அறை 12 அடி, மூன்றாம் அறை 11 அடி. எல்லாம் 12 அடி அகலம். நடுவே 4 அடி நடைபாதை. தெற்குப் பக்கம் 18 அடி அகலத்தில் முன்னே 8 அடி விறாந்தை, பிறகு 14 அடி ஹோல், 9 அடி சாப்பாட்டிடம், கடைசியில் 11 அடி குசினி. சாப்பாட்டிடத்தின் தெற்குச் சுவரோடு பொதுக் குளியலறையும் சாமியறையும் ஒட்டி நிற்கின்றன. மலக்குழி குசினிக்குப் பின்னால்.

முதலில் கூட்டிப் பாருங்கள். 14, 5, 12, 11 எல்லாம் சேர்ந்தால் சரியாக 42. வெளியளவும் 42. அப்படியென்றால் சுவர் எங்கே? ஆறங்குலக் கல்லில் கட்டி இரு பக்கமும் பூசினால் ஒரு சுவர் 7 அங்குலம். நான்கு அறை வரிசையாக நின்றால் ஐந்து சுவர், 35 அங்குலம், கிட்டத்தட்ட 3 அடி. குறுக்கே பார்த்தாலும் இதே கதைதான். 12, 4, 18 சேர்ந்து 34, நான்கு சுவருக்கு 2 அடி 4 அங்குலம் எங்குமே இல்லை.

இதற்கு இரண்டு முடிவுதான் இருக்க முடியும். மேசன் வெளியளவைப் பிடித்துக் கயிறு அடித்தால் அறைகள் சுருங்கும். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஏழங்குலம் போனால் பெரிய அறையில் அது தெரியாது. 5 அடிக் குளியலறை 4 அடி 5 அங்குலமாகும்போது தெரியும். கொமட் அந்த அகலத்தில் 2 அடி 3 அங்குலத்தை எடுத்தால் முன்னால் மிஞ்சுவது 2 அடி 2 அங்குலம். கதவு உள்ளே திறந்தால் முழங்காலில் இடிக்கும். மறுபக்கம், உள்ளளவைப் பிடித்துக் கயிறு அடித்தால் வீடு 44 அடி 11 அங்குலத்துக்கு 36 அடி 4 அங்குலமாக வளரும். அது ஏறக்குறைய 1630 சதுர அடி. 1428 என்று நினைத்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியவருக்கு 200 சதுர அடி, நூற்றுக்குப் பதினாலு வீதம், கூடுதலாக வந்து நிற்கும். கொந்தராத்துக்காரர் ஏமாற்றவில்லை, கீறியவர் சுவரைக் கூட்ட மறந்திருக்கிறார். கூரை மட்டத்தில் வரும் சண்டைகளில் சில இங்கேதான் தொடங்குகின்றன.

ஆகவே பதிலின் முதல் வரி அழகைப் பற்றியதாக இருக்கக்கூடாது. "எழுதியிருக்கிறது உள்ளளவா வெளியளவா? கீறினவரிட்டைக் கேட்டு, சுவரையும் சேர்த்து எழுதித்தரச் சொல்லுங்கோ." இதற்குச் செலவு எதுவும் இல்லை. அளவே போடாத படமாக இருந்தால் வாசற்கதவை 3 அடி அல்லது 3 அடி 3 அங்குலம் என்று வைத்து மற்றதை அளந்து பார்க்கலாம், ஆனால் அது மட்டுக்கட்டுவதற்கு மட்டும்தான். ஒளிப்பிரதியில் இருந்து மறுபடி படமெடுத்தால் நீளமும் அகலமும் ஒரே வீதத்தில் இருக்காது.

அடுத்து வெயில். "வடக்கு யன்னலில் வெயில் வராது" என்று சொல்பவர்கள் எங்கோ குளிர்நாட்டுப் புத்தகம் படித்தவர்கள். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசிவரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். ஆனால் அது உச்சிக்குக் கிட்ட நிற்பதால் இரண்டடித் தாழ்வாரமே வடக்குச் சுவரைக் காத்துவிடும். தெற்கில் டிசம்பர் மத்தியானத்தில் சூரியன் ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும், அங்கே தாழ்வாரத்தை இரண்டரை மூன்றடி நீட்டினால் போதும். மேற்குக்கு மட்டும் தாழ்வாரத்தால் மருந்தில்லை.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். மார்ச் அல்லது செப்டெம்பர் கடைசியில் பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் 32 பாகை உயரத்தில் நிற்கும், 5 மணிக்கு 17 பாகை. விறாந்தை 8 அடி ஆழம், தாழ்வாரம் தரையில் இருந்து 8 அடி என்றால் 4 மணிக்கு ஹோல் சுவரின் அடியில் 3 அடிக்கு வெயில் விழும். 5 மணிக்கு அது ஐந்தரை அடிக்கு ஏறும், அதற்குள் வெயிலின் கடுமை தணிந்துவிடும். ஆக ஹோல் தப்பிக்கொள்கிறது. விறாந்தையைச் செலவென்று வெட்டிவிட்டுக் கொங்கிறீட் போட்டிக்கோ போடச் சொல்பவர்களிடம் இந்த மூன்றடியைக் காட்டலாம்.

பெரிய அறைக்கு அந்த விறாந்தை இல்லை. வடமேற்கு மூலையில் 12 அடி மேற்குச் சுவர், நடுவே ஆறடி யன்னல், மேலே இரண்டடிக் கொங்கிறீட் நீட்டு. 4 மணிக்கு அந்த நீட்டு மறைப்பது யன்னலின் மேல் ஒன்றேகால் அடியைத்தான். மிச்சம் முழுவதும் வெயில். மத்தியானத்தில் இருந்து காய்ந்த சீமெந்துக்கல் சுவர் அந்தச் சூட்டைச் சில மணித்தியாலம் பிடித்து வைத்திருந்து, படுக்கப் போகிற நேரத்தில் உள்ளே விடும். அந்த அறைக்குத்தான் பிறகு ஏசி பூட்டுவார்கள்.

இங்கே ஒரே ஒரு மாற்றம் போதும். பெரிய அறையின் கிழக்கே இருக்கும் அந்த 5 அடிக் குளியலறையைத் தூக்கி மேற்குச் சுவரோடு வைத்து, அறையை அதன் பின்னால் தள்ளலாம். வரிசையின் கூட்டுத்தொகை மாறாது, இரண்டு கோடுதான் இடம் மாறுகிறது. வெயிலைக் குளியலறை வாங்கிக்கொள்ளும், அது காய்வதும் நல்லது. "முன்பக்கம் குளியலறையா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அந்த 12 அடித் துண்டில் வடக்குப் பக்க 8 அடியைக் குளியலறைக்கும், விறாந்தை பக்க 4 அடியை உடுப்பு அலுமாரிக்கும் கொடுத்தால், விறாந்தையில் இருக்கிறவருக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்காது. ஒழுங்கை பக்கம் தெரிவது உயரத்தில் ஒரு சின்ன யன்னல் மட்டும். வாயு மூலையில் குளியலறை வருவதற்குச் சாத்திரம் பார்ப்பவர்களும் பெரும்பாலும் மறுப்புச் சொல்வதில்லை. ஒரு இழப்பு உண்டு. அறைக்கு இனி வடக்குச் சுவரில் மட்டுமே யன்னல், தெற்குப் பக்கத்தால் வரும் சோளகக் காற்று நேரே வராது. கதவு நிலைக்கு மேலே காற்றுவழி ஒன்றரை அடி உயரத்துக்கு விட்டால் ஹோலுக்கால் வரும் காற்று அறைக்குள் போய் வடக்கு யன்னலால் வெளியேறும்.

அந்த மாற்றத்தின் பெரிய லாபம் வெயிலில் இல்லை, மலக்குழியில். கீறியிருக்கிறபடி குழி தென்கிழக்கில், கிழக்கு எல்லையில் இருந்து 20 அடி, தெற்கு எல்லையில் இருந்து 10 அடி தள்ளி இருக்கிறது. கிணற்றுக்கு நேர்க்கோட்டில் அளந்தால் 36 அடி. 50 அடிக்குக் குறையக்கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழைய அளவு. நம் நிலத்தில் அதுவும் தாராளமென்று சொல்ல முடியாது. மேல் மண் மெல்லியது, கீழே சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் குகையும். மணலில் வடிந்து போவது போலத் தண்ணீர் அங்கே வடிபடுவதில்லை, வெடிப்பு எங்கே போகிறதோ அங்கே ஓடும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது பல காலமாக ஆராயப்பட்டு வருகிறது. தோட்டத்து உரத்தோடு இந்தக் குழிகளும் அதற்குக் காரணம்.

குழியை முன் வளவுக்கு, மேற்கு எல்லையில் இருந்து பத்தடியில் வைத்தால் கிணறு ஏறத்தாழ 80 அடி தள்ளிப் போகும். பழைய இடத்தில் இருந்த குளியலறையில் இருந்து பின்பக்கக் குழிக்குக் குழாய் வீட்டைச் சுற்றி 75 அடி போக வேண்டும். நாலங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி சரிவு வைத்தால் கடைசியில் கிட்டத்தட்ட 2 அடி ஆழம் கூடும், அதைக் கல்லில் வெட்ட வேண்டும். மேற்குச் சுவருக்கு வந்த குளியலறையில் இருந்து முன் குழிக்கு 20 அடிதான், சரிவு அரையடி. தெற்கே இருக்கும் பொதுக் குளியலறைக்குக் குழாய் 60 அடி அளவில் நீளும், ஒன்றரை அடி சரிவு. அதைத் தவிர்க்க வழியில்லை.

முன்பக்கக் குழியில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கார் ஏறும் வழியில் மூடி வரக்கூடாது, வந்தால் மூடிப் பிளாட்டை அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி கம்பி போட்டுத் தடிப்பாக வார்க்க வேண்டும். அதைவிட முக்கியம் அயல்வீட்டுக் கிணறு. பிளானில் நம் கிணறு மட்டும்தான் இருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் பக்கத்து வீட்டுக் கிணறு இருந்தால் நம் 80 அடி அவர்களுக்கு உதவாது. பிளான் பிரதேச சபைக்குப் போகும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. வந்து பார்ப்பார், ஆனால் அதற்குள் எல்லாம் கீறி முடிந்திருக்கும். இதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஆரையாவது வளவுக்கு அனுப்பி மதிலால் எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நடுவில் இருக்கும் இருட்டு. சாப்பாட்டிடத்துக்கு மேற்கே ஹோல், வடக்கே நடைபாதை, கிழக்கே குசினி, தெற்கே குளியலறையும் சாமியறையும். வெளிச்சுவர் ஒன்றுகூட இல்லை. பகல் பதினொரு மணிக்கும் லைற் போட்டுத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். சோளகம் அடிக்கிற மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அந்தக் காற்றை மறித்து நிற்பதும் இந்த இரண்டு சின்ன அறைகள்தான். சாமியறையும் கக்கூசும் ஒரே சுவரைப் பங்கு போடுகின்றன என்பதை அம்மா எப்படியும் கண்டுபிடிப்பா. அந்த ஒரு காரணத்தைச் சொன்னாலே மாற்றத்துக்கு வீட்டில் எல்லோரும் சம்மதிப்பார்கள்.

சாமியறையைக் குசினியின் வடக்கு முனைக்கு எடுக்கலாம். 18 அடி நீளக் குசினியில் 4 அடி போனாலும் 14 அடிக்கு 11 அடி இருக்கும், தாராளம். கிணற்றடிக்குப் போகிற பின்கதவும் அந்தத் துண்டிலேயே வரும். பொதுக் குளியலறையை 5 அடி அகலம் 8 அடி நீளமாகத் திருப்பிக் குசினிச் சுவரோடு சாய்த்தால் குசினித் தொட்டியின் குழாயும் அதே சுவரில் வரும். சாப்பாட்டிடத்துக்குத் தெற்கே 4 அடி வெளிச்சுவர் கிடைக்கிறது. அதில் 3 அடி அகலம் 6 அடி உயர யன்னல் போட்டால் 18 சதுர அடி. தரை 122 சதுர அடி, யன்னல் அதில் ஏழில் ஒரு பங்கென்று பார்த்தால் பதினேழரை. சரியாகப் பொருந்துகிறது. யன்னலின் மேல்விளிம்பு ஏழடியில் இருந்தால் வெளிச்சம் அதன் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு தூரத்துக்கு உள்ளே போகும், அதாவது 14 அடிக்கு மேல். நடைபாதையின் விளிம்புவரை எட்டும்.

"அந்த நடைபாதைச் சுவரையும் எடுத்துவிடுங்கோ, ஹோல் பெரிசாத் தெரியும்" என்று யாரோ கட்டாயம் எழுதுவார்கள். எழுதுவதற்கு முன் கூரையைப் பார்க்க வேண்டும். வீட்டின் அகலம் 36 அடி, முகடு நடுவில் 18 அடியில் ஓடும். நடைபாதையின் தெற்குச் சுவர் வடக்கு விளிம்பில் இருந்து ஏறத்தாழ 18 அடியில்தான் நிற்கிறது. முகட்டு மரத்தின் பாரம் முழுவதும் இறங்குவது அந்தச் சுவரில். எடுத்தால் அதன் இடத்தில் கொங்கிறீட் பீமும் தூணும் வேண்டும், கூரையைக் கீறியவர் அதைக் கணக்குப் பார்த்துத்தர வேண்டும். ஆறேழு அடி அகலத்தில் இரண்டு வாசல் விட்டு மேலே லின்டல் ஓட விடுவது போதும்.

ஹோலுக்கும் சாப்பாட்டிடத்துக்கும் நடுவிலுள்ள சுவர் வேறு சங்கதி. அதில் 10 அடி அகலம் 7 அடி உயரத்துக்குத் திறந்து விட்டால் 70 சதுர அடிச் சுவர் மிச்சம், 16 அங்குலம் நீள 8 அங்குலம் உயரக் கல்லில் ஏறத்தாழ 80 கல், பூச்சு 140 சதுர அடி. ஆனால் பத்தடிக்கு மேல் போகும் பீமின் கம்பியும் கொங்கிறீட்டும் அந்த மிச்சத்தைச் சாப்பிட்டுவிடும். இதைக் காசு மிச்சம் என்று சொல்லக்கூடாது, காற்றுக்காகச் செய்வது என்று சொல்ல வேண்டும். உண்மையில் காசு குறைவது சுவரை எடுப்பதால் அல்ல, முன்பக்கத்தில் அறை ஒன்றை மூன்றடி வெளியே தள்ளி வடிவு காட்டுகிற வேலையை விடுவதால். அந்தத் தள்ளலுக்கு இரண்டு பக்கத்திலும் சுவர் கூடுவதோடு, இரண்டு கூரைச் சரிவு உள்நோக்கிச் சேரும் இடமும் உண்டாகும். ஒக்டோபரில் மழை தொடங்கினால் முதலில் ஒழுகுவது அந்த இடம்.

இவ்வளவையும் அனுப்பியவருக்கு அப்படியே எழுதக்கூடாது. போக வேண்டியது இவ்வளவுதான்:

"தம்பி, பிளான் பாத்தனான். மூண்டு அறையையும் ஒரு பக்கமா வச்சது நல்லது, அதை மாத்தாதையுங்கோ. அத்திவாரம் வெட்ட முதல் மூண்டு விசயம். ஒண்டு, அறையளவுகளைக் கூட்டினா சுவருக்கு இடமில்லை. சுவரோடை சேத்தா வீடு 1630 சதுர அடி அளவில வரும், கொந்தராத்துப் பேச முதல் கீறினவரிட்டைக் கேளுங்கோ. ரெண்டு, பெரிய அறைக் குளியலறையை மேற்குச் சுவருக்குக் கொண்டுவந்து, மலக்குழியை முன் வளவுக்கு எடுங்கோ. இப்ப கிணத்துக்கு 36 அடிதான் இருக்கு. பக்கத்து வீட்டுக் கிணறு எங்கையெண்டும் ஆரையும் விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. மூண்டு, சாப்பாட்டு இடத்துக்கு வெளிச்சுவர் இல்லை. சாமியறையைக் குசினிப் பக்கம் எடுத்தா தெற்கு யன்னல் ஒண்டு வைக்கலாம். நிலையம் எடுத்தவர் எந்த அளவை மாத்தக்கூடாதெண்டு சொன்னவர்? அம்மா தனியவோ இருக்கப் போறா?"

முதற்கேள்விக்குப் பதிலாக "அத்திவாரம் போட்டாச்சு அண்ணை" என்று வந்தால் குளியலறையை மாற்று, சாமியறையைத் தூக்கு என்பதெல்லாம் அவருக்கு வெறும் மனவருத்தம், சொல்லாமல் விடலாம். அப்போதும் நான்கு விஷயம் கையில் இருக்கும். மலக்குழி இன்னும் வெட்டப்படவில்லை என்றால் அதை முன்னுக்கு எடுக்கலாம், குழாய் நீளும், அவ்வளவுதான். மேற்கு யன்னலை ஆறடியில் இருந்து மூன்றடிக்குக் குறைத்து வடக்குச் சுவரில் ஒன்றைக் கூட்டலாம். யன்னலின் அடிமட்டத்துக்குச் சுவர் வரும்வரை இது ஒரு சதமும் கூடாத மாற்றம். பெரிய அறையின் மேற்குச் சுவருக்கு வெளியே ஆறடி தள்ளிக் கம்பிப் பந்தல் போட்டுக் கொடி ஏற்றினால் 4 மணி வெயிலில் ஒரு நல்ல பகுதி சுவரில் விழாது. இருட்டுச் சாப்பாட்டிடத்துக்குக் கூரையில் நாலைந்து கண்ணாடி ஓடு வைத்து, கீழே சீலிங்கில் அதே அளவு வாய் விடலாம். அந்த ஓடுகளைச் சாப்பாட்டு மேசைக்கு நேரே மேலே வைக்காமல் வடக்குச் சரிவில், நடைபாதைப் பக்கமாக வைக்கச் சொல்ல வேண்டும். மேசைக்கு மேலே வைத்தால் சித்திரை வைகாசியில் மத்தியானம் ஒருவரும் அந்தக் கதிரையில் இருக்க மாட்டார்கள்.